தேதி, நேரம், கிரவுண்ட்: மேட்ச் நோட்டீஸ் எங்கே தப்பாகிறது, எப்படிச் சரிசெய்வது

தென்காசி பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற ஒரு மேட் விக்கெட் கிரிக்கெட் லீக்குக்கு நான்தான் ஃபிக்ஸ்சர் போடுகிறேன். எட்டு அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு ஒரு முறை மோதும், மொத்தம் 28 ஆட்டங்கள். ஒரு பக்கத்துக்கு 30 ஓவர். இரண்டு கிரவுண்ட், ஒவ்வொன்றிலும் காலை 7.00க்கு ஒரு ஆட்டம், மதியம் 12.30க்கு ஒரு ஆட்டம். ஒரு ஞாயிற்றில் நான்கு ஆட்டம் முடியும், ஏழு ஞாயிறுகளில் லீக் முடியும். 2025இல் அது ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 17 வரை.

இந்த ஏழு வாரத்தில் கிரிக்கெட்டை விட அதிகமாக என் போனில் ஓடுவது நான்கு கேள்விகள்தான்: எப்போ, எத்தனை மணிக்கு, எங்கே, மேட்ச் இருக்கா இல்லையா. ஒவ்வொரு குழப்பத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு. அது எந்த மாதிரிக் குழப்பம் என்று தெரிந்தால் தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்பதும் தெரிந்துவிடும். அதனால் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன்.

எதுவாக இருந்தாலும் முதலில் செய்யவேண்டியது ஒன்று. தப்பாக வந்து நிற்கிற அணியிடம் "நோட்டீஸ் அனுப்பினேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். "நீங்க எதைப் பார்த்து வந்தீங்க? அதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். நாம் அனுப்பியது வேறு, அவர்கள் பார்த்தது வேறாக இருக்கும். குரூப்பில் இருந்து கேப்டனுக்கு, கேப்டனிடமிருந்து அணியின் குரூப்புக்கு, அங்கிருந்து வேன் ஓட்டும் அண்ணனுக்கு என்று போகும்போது பாதி வரி உதிர்ந்துவிடும். அந்த ஸ்க்ரீன்ஷாட் இல்லாமல் காரணம் தேடினால் ஆளைத்தான் திட்டுவோம், தப்பு அப்படியே இருக்கும்.

அறிகுறி: அணி வேறொரு நாளில் வந்தது, அல்லது "எங்க மேட்ச் மார்ச் மாசமா?" என்று கேட்கிறது

இது பெரும்பாலும் ஷீட்டின் வேலை. கூகுள் ஷீட்டில் தேதிகளை 06/07/2025 என்று அடித்திருப்பீர்கள். நமக்கு அது ஜூலை 6. ஆனால் அந்த ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று இருந்தால், அதற்கு அது ஜூன் 7. மாதத்தை முன்னால் படிக்கும். நம் ஏழு ஞாயிறுகளை அப்படிப்பட்ட ஷீட்டில் அடித்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 06/07 ஜூன் 7 ஆகிறது. 03/08 மார்ச் 8 ஆகிறது. 10/08 அக்டோபர் 8 ஆகிறது. 13/07, 20/07, 27/07, 17/08 ஆகிய நான்கும் எந்தத் தேதியாகவும் ஆவதில்லை, ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. அவை வெறும் எழுத்தாக நின்றுவிடும்.

கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். தேதி என்று ஷீட் புரிந்துகொண்டது கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டும். எழுத்தாக நின்றுபோனது இடது ஓரத்தில் ஒட்டும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலதிலும் சில இடதிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். இன்னொரு அடையாளம், தேதி வரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஐந்தாவது சுற்று முதலில் வரும், அடுத்து முதல் சுற்று, அடுத்து ஆறாவது. எழுத்தாக நின்றவை கடைசியில் சேரும், அதிலும் ஆகஸ்ட் 17 ஜூலை 20க்கு முன்னால் நிற்கும். அடுக்கிய பிறகு அதைப் பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது கதை.

சரிசெய்ய, கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்து `File` → `Settings` போய் `Locale` என்ற இடத்தில் `India` தேர்ந்தெடுங்கள். இதோடு முடிந்தது என்று நினைத்து நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே ஜூன் 7 என்று பதிவானது ஜூன் 7ஆகவேதான் இருக்கும். காட்டும் விதம்தான் 07/06/2025 என்று மாறும். எழுத்தாக நின்றவையும் தானாகத் தேதி ஆகாது. எல்லாத் தேதிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும். நான் இப்போது முதல் தேதியை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இப்படிக் கொடுக்கிறேன்:

```
=DATE(2025,7,6)
```

அடுத்த சுற்றுக்கு அந்தக் கட்டத்தோடு 7 கூட்டுகிறேன். ஏழு சுற்றும் வந்ததும் பத்தி முழுவதையும் காப்பி செய்து, அதே இடத்தில் `Ctrl+Shift+V` போட்டு மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுகிறேன். இந்தக் கடைசி வேலையை விட்டால் ஆபத்து. பிறகு ஒரு சுற்றின் தேதியைத் தள்ளிவைக்க நேர்ந்தால், அதற்குக் கீழே உள்ள எல்லாச் சுற்றுகளும் சத்தமில்லாமல் தள்ளிப் போய்விடும்.

கிழமை விஷயமும் இங்கேதான் வருகிறது. கிழமையைக் கையால் அடிக்கவே கூடாது. `Format` → `Number` → `Custom number format` போய் இப்படிக் கொடுத்தால் தேதியிலிருந்தே கிழமை வரும்:

```
ddd dd-mmm-yyyy
```

`Sun 06-Jul-2025` என்று காட்டும். மாதம் எழுத்தில் வந்துவிட்டதால் 6/7 குழப்பமும் போய்விடும். தேதி தப்பாகப் பதிவாகியிருந்தால் `Sat` என்று காட்டிக் கொடுத்துவிடும், ஏனென்றால் 2025 ஜூன் 7 சனிக்கிழமை. ஞாயிறு லீக்கில் சனி என்று ஒரு வரி நின்றால் யார் கண்ணுக்கும் உறுத்தும். கையால் "ஞாயிறு" என்று அடித்து வைத்திருந்தால் அந்த எச்சரிக்கை நமக்குக் கிடைக்காது.

ஷீட் சரியாக இருந்தும் அணி நாள் மாறி வந்தால் நோட்டீஸின் வார்த்தையைப் பாருங்கள். "நாளை மேட்ச்" என்று இருக்கும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வெள்ளி இரவு அனுப்பியதை ஒருவர் சனிக்கிழமை காலை ஃபார்வர்ட் செய்திருப்பார், அதைப் படித்தவருக்கு நாளை என்றால் ஞாயிறு. "அடுத்த ஞாயிறு" இன்னும் மோசம். வியாழக்கிழமை அதைப் படிக்கிற பாதிப் பேர் மூன்று நாள் கழித்து என்று எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் பத்து நாள் கழித்து என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் பேசுவது நல்ல தமிழ்தான். இன்று, நாளை, வர்ற, அடுத்த என்ற நான்கு சொல்லும் நோட்டீஸில் வேண்டாம். கிழமை, தேதி, மாதம், ஆண்டு எல்லாம் எழுதுங்கள்.

அறிகுறி: நாள் சரி, நேரம் தப்பு

இரண்டு வகை உண்டு. ஒன்று, அணி 12 மணி நேரம் மாறி யோசித்தது. லைட் போட்டு இரவில் நடத்தும் போட்டிகளில் "7 மணிக்கு" என்று மட்டும் எழுதினால் இது நடக்கும். காலை, மதியம், மாலை, இரவு என்ற சொல் இல்லாமல் எந்த மணியும் போகக்கூடாது. இரவு 12 மணி என்றால் அது எந்தத் தேதியில் சேரும் என்று பெரியவர்களுக்கே தகராறு வரும், அதனால் இரவுப் போட்டியில் 12.00 என்ற நேரத்தையே தவிர்த்து 11.45 என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வகைதான் எங்களுக்கு அடிக்கடி வருவது. அணி அரை மணி லேட்டாக வரும், ஆனால் "சரியாத்தானே வந்திருக்கோம்" என்று சொல்லும். நோட்டீஸில் ஒரே ஒரு நேரம் இருந்திருக்கும். அது அணி வரவேண்டிய நேரமா, டாஸ் நேரமா, முதல் பந்து போடும் நேரமா என்று யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் விதிப்படி டாஸ், ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு 30 நிமிடத்துக்கு மேல் முன்னதாகவும் போகக்கூடாது, 15 நிமிடத்துக்குள்ளும் வந்துவிடக்கூடாது. ஆட்டம் 7.00 என்றால் டாஸ் 6.30க்கும் 6.45க்கும் நடுவில். ஆகவே அணி 7.00க்கு வந்து இறங்கினால் டாஸ் ஏற்கெனவே முடிந்திருக்கவேண்டும். நான் மூன்று நேரத்தையும் தனித்தனியாக எழுதுகிறேன்: வரவேண்டியது 6.20, டாஸ் 6.40, முதல் பந்து 7.00. அதில் முதல் பந்து நேரத்தை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

அறிகுறி: அணி வேறு கிரவுண்டுக்கோ வேறு கேட்டுக்கோ போய் நிற்கிறது

பெயர்தான் காரணம். அண்ணா ஸ்டேடியம் பாளையங்கோட்டையிலும் உண்டு, திருச்சியிலும் உண்டு, கடலூரிலும் உண்டு. வெளியூர் அணி வருகிற டோர்னமெண்டில் ஊர் பெயர் இல்லாமல் எழுதினால் மேப் காட்டுகிற முதல் ஸ்டேடியத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். உள்ளூரில் "காலேஜ் கிரவுண்ட்" என்பது நமக்கு ஒன்றுதான். புதிதாக வந்த அம்பயருக்கு, ஊரில் எத்தனை காலேஜ் இருக்கிறதோ அத்தனை.

கேட் விஷயம் இதைவிட நுணுக்கமானது. ஒரு வருஷம் நான் அனுப்பிய மேப் பின் கல்லூரியின் முன்வாசலில், அலுவலகக் கட்டடத்துக்கு எதிரே நின்றது. ஞாயிற்றுக்கிழமை அந்த வாசல் பூட்டியிருக்கும், கிரவுண்டுக்குப் பின்பக்கச் சாலையில் தனிக் கேட். காலை ஆறரைக்கு வந்த அணி பூட்டிய வாசலில் வேனை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மற்ற அணி கேட்ச் பிராக்டீஸ் செய்கிற சத்தம் அவர்கள் போனிலேயே எனக்குக் கேட்டது. சுற்றிக்கொண்டு வர வழி சொல்லி, நடுவில் ரயில்வே கேட் போட்டு, அவர்கள் இறங்கும்போது 7.10. அணியின் மேல் ஒரு தப்பும் இல்லை.

இப்போது செய்வது இதுதான். கிரவுண்டுக்கு நேரில் போய், வேன் நுழைகிற கேட்டில் நின்றுகொண்டு, அங்கிருந்தே பின் எடுக்கிறேன். அதை வேறொருவர் போனில் திறந்து வழி காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். பின்னோடு ஒரு வரி எழுத்திலும் இருக்கும்: "கல்லூரியின் பின்பக்க கேட், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. முன்வாசல் ஞாயிறு பூட்டியிருக்கும்." ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்றும்போது பின் வேலை செய்யாது, இந்த வரிதான் வேலை செய்யும்.

அறிகுறி: ஒரே கிரவுண்டில் ஒரே நேரத்துக்கு நான்கு அணிகள்

முதல் பட்டியலில் இது அபூர்வம். ஒத்திவைத்த ஆட்டத்தை வேறு நாளில் சொருகும்போதுதான் நடக்கும். ஷீட்டில் ஆட்ட எண் `A`, தேதி `B`, நேரம் `C`, கிரவுண்ட் `D` என்று இருந்தால், 28 ஆட்டத்துக்கும் பக்கத்தில் இந்த வரியைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS($B$2:$B$29,B2,$C$2:$C$29,C2,$D$2:$D$29,D2)
```

எல்லா வரியிலும் 1 வரவேண்டும். 2 வந்தால் மோதல். ஆனால் இதை நம்புவதற்கு முன் ஒன்று: "காலேஜ் கிரவுண்ட்" என்று ஒரு வரியிலும் "காலேஜ் கிரௌண்ட்" என்று இன்னொரு வரியிலும் இருந்தால் ஃபார்முலாவுக்கு அவை இரண்டு கிரவுண்ட். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். அதனால் கிரவுண்டையும் நேரத்தையும் கையால் அடிக்காமல் `Data` → `Data validation` வழியாக ஒரு தேர்வுப் பட்டியல் வைத்துவிடுங்கள்.

ஒரு ஆட்டம் நகர்ந்தால் பக்கத்து ஆட்டமும் நகரும் என்பதை 2023 உலகக் கோப்பையிலேயே பார்த்தோம். ஜூன் 27 அன்று வந்த அட்டவணையில் ஆகஸ்ட் 9 அன்று ஒன்பது ஆட்டங்கள் மாறின. அகமதாபாத்தில் அக்டோபர் 15 என்றிருந்த இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் 14க்கு வந்தது. 14ஆம் தேதி டெல்லியில் இருந்த இங்கிலாந்து–ஆப்கானிஸ்தான் 15க்குப் போனது. சேப்பாக்கத்தில் 14ஆம் தேதி பகல் ஆட்டமாக இருந்த நியூசிலாந்து–வங்கதேசம், 13 வெள்ளிக்கிழமை பகலிரவு ஆட்டமானது. நம் எட்டு அணி லீக்கிலும் கணக்கு அதேதான். ஒன்றை நகர்த்திய உடனே அந்த நாளின் மற்ற மூன்றையும் ஒரு முறை பாருங்கள்.

அறிகுறி: மாற்றம் அனுப்பியும் பாதிப் பேர் பழைய இடத்துக்குப் போகிறார்கள்

இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான், அதனால் நடந்த ஒன்றை முழுதாகச் சொல்கிறேன்.

2025 ஜூலை 19, சனிக்கிழமை மாலை 6.10. மறுநாள் மூன்றாவது சுற்று, ஆட்டம் 9 முதல் 12 வரை. ஆட்டம் 11 காலை 7.00க்கும் ஆட்டம் 12 மதியம் 12.30க்கும் கல்லூரி கிரவுண்டில். ஞாயிறு காலை அங்கே ஒரு தேர்வு, வண்டிகள் நிறுத்த கிரவுண்ட் வேண்டும், மதியம் 1 மணிக்குத்தான் காலியாகும் என்று தகவல் வந்தது. பக்கத்து மேல்நிலைப்பள்ளி கிரவுண்டைக் கேட்டு வாங்கினோம். அங்கே மேட் கொண்டுபோய் விரிக்க நேரம் வேண்டும், ஆகவே ஆட்டம் 11 காலை 7.30. ஆட்டம் 12 அதே கல்லூரி கிரவுண்டில், ஆனால் 1.30க்கு. நான்கு மணி இருபது நிமிடம் ஆடினால் 5.50க்கு முடியும், ஜூலை மாதம் வெளிச்சம் போதும்.

முந்தைய வருஷங்களில் இப்படி நேர்ந்தால் பழைய நோட்டீஸைத் திருத்துவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்தமுடியும். அப்படித் திருத்தினாலும் புதுச் செய்தி வந்த மாதிரி யாருக்கும் மணி அடிக்காது, ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆகிப் போன பிரதிகளும் மாறாது. பழையதை அழித்தாலும் இதே கதைதான், அழிந்தது குரூப்பில் மட்டும். அதனால் பழையது எங்கேயோ உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அதைப் பெயர் சொல்லிச் செல்லாது என்று அறிவிக்கிற புது நோட்டீஸ் ஒன்று போடவேண்டும். அன்று 6.40க்கு ஆட்டம் 11க்குப் போனது இது:

> மாற்றம் 2: ஆட்டம் 11
> ஞாயிறு, 20 ஜூலை 2025 (தேதியில் மாற்றம் இல்லை)
> பழையது: காலை 7.00, கல்லூரி கிரவுண்ட். இது செல்லாது. அங்கே போகவேண்டாம்.
> புதியது: காலை 7.30, மேல்நிலைப்பள்ளி கிரவுண்ட், கிழக்கு கேட், ரேஷன் கடை எதிரே
> வரவேண்டியது 6.50, டாஸ் 7.10, முதல் பந்து 7.30
> காரணம்: கல்லூரியில் தேர்வு
> வெளியிட்டது: சனி, 19 ஜூலை, மாலை 6.40
> இரண்டு அணிகளும், அம்பயர்களும், ஸ்கோரரும் "11 ஓகே" என்று பதில் போடவும். இரவு 8.00க்குள் பதில் வராதவர்களுக்குப் போன் வரும்.

ஆட்டம் 12க்குத் தனி நோட்டீஸ். இரண்டு மாற்றத்தையும் ஒரே செய்தியில் போட்டால், ஆட்டம் 12 ஆடுகிற அணி மேலே இருக்கிற கிரவுண்ட் பெயரைப் படித்துவிட்டு அங்கே போய்விடும். மூன்றாவதாக ஒரு வரி: "ஆட்டம் 9, 10: மாற்றம் எதுவும் இல்லை." இதைச் சொல்லாமல் விட்டால் அந்த நான்கு அணிகளும், மாற்றம் என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் போன் செய்வார்கள்.

நோட்டீஸில் சில விஷயங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். ஆட்ட எண் மாறவே மாறாது. தேதி மாறலாம், கிரவுண்ட் மாறலாம், ஆட்டம் 11 லீக் முடியும் வரை ஆட்டம் 11தான். தேதி வரிசைக்காக எண்ணைத் திருப்பிப் போட்டால் பழைய பிரதியும் புதிய பிரதியும் வேறு வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசும். "மாற்றம் 2" என்ற எண் எதற்கு என்றால், இரண்டு செய்தி கையில் இருக்கும்போது எது கடைசி என்று போனில் இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். பழையதை வாட்ஸ்அப்பில் கோடு போட்டு அடித்துக் காட்டுவதை விட்டுவிட்டேன். சின்னத் திரையில் கோடு தெரிவதில்லை, எழுத்தைப் பார்த்து இன்னொரு இடத்தில் திருப்பி அடிக்கும்போது கோடு வராமலே போய்விடுகிறது. செல்லாது என்ற சொல் எங்கே போனாலும் கூடவே போகும்.

சரி, பதில் விஷயம். நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பார்த்தால் யார் படித்தார்கள் என்று காட்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேப்டனின் போன் வீட்டில் குழந்தை கையில் இருக்கும், நீல டிக் விழுந்துவிடும். "11 ஓகே" என்று ஒருவர் விரலால் அடித்தால்தான் அவருக்குத் தெரிந்தது என்று அர்த்தம். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு பேர், கேப்டனும் மேனேஜரும். யாராவது ஒருவர் பதில் போட்டால் போதும். அன்று எட்டு மணிக்கு ஒரு அணியும் ஒரு அம்பயரும் பதில் போடவில்லை. அணி சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தது, மேனேஜருக்குப் போன் செய்து முடிந்தது. அம்பயர் போனை எடுத்து, "நான் அந்த குரூப்லயே இல்லையே" என்றார்.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறோம். குரூப்பில் இருப்பது கேப்டன்கள். ஆட்டம் நடக்க வேறு ஆட்களும் வேண்டும்: அம்பயர் இருவர், ஸ்கோரர், மேட் விரிக்கிறவர், பந்தும் ஸ்டம்பும் வைத்திருப்பவர், தண்ணீர் கேன் போடுகிறவர். ஒரு ஆட்டத்தை நகர்த்தினால் இத்தனை பேரும் நகரவேண்டும். இவர்கள் பெயரை ஆட்ட எண்ணுக்கு எதிரே ஷீட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். மாற்றம் வந்தால் அந்த வரிசையில் விரலை வைத்துக்கொண்டே போன் செய்வேன். முதலில் மேட்காரர், ஏனென்றால் மேட் இரவே வண்டியில் ஏறிவிடும். அடுத்து அம்பயர்கள், அப்புறம்தான் அணிகள்.

கடைசியாக, பழைய இடம். ஞாயிறு காலை 6.15க்கே கல்லூரியின் பின்பக்க கேட்டில் ஒரு தாள் ஒட்டினோம்: "ஆட்டம் 11 இங்கே இல்லை. மேல்நிலைப்பள்ளி கிரவுண்ட், காலை 7.30." கீழே ஒரு போன் நம்பர். எவ்வளவு சரியாக அனுப்பினாலும் மேட்ச் பார்க்க வருகிற அப்பாக்களுக்கும் நண்பர்களுக்கும் எந்த குரூப்பும் கிடையாது. அன்று அந்தத் தாளைப் பார்த்து ஆறேழு பேர் பள்ளிக்கு வந்தார்கள். அதில் ஒருவர் அணியின் விக்கெட் கீப்பர், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக பைக்கில் வந்தவர், போன் சார்ஜ் இல்லை.

அறிகுறி: மழைக்கால விடியலில் முப்பது போன், "மேட்ச் இருக்காண்ணே?"

ஆடிச் சாரல் நேரத்தில் இது எல்லா வாரமும் வரும். காரணம் மழை மட்டும் அல்ல, நம்முடைய மௌனமும்தான். மாற்றம் இருந்தால் மட்டும் சொல்வோம் என்று வைத்திருந்தால், செய்தி வராதபோது ஒருவருக்கு இரண்டு அர்த்தம் தோன்றும்: மேட்ச் உண்டு, அல்லது இன்னும் முடிவு பண்ணவில்லை. அதனால்தான் போன் செய்கிறார்.

மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் செய்தி வரும் என்று பழக்கிவிட்டால் போன் நின்றுவிடும். நேரத்தை எப்படிக் குறிப்பது? மிகத் தூரத்து அணி எப்போது வண்டி ஏறுகிறது என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எங்களிடம் ஒரு அணிக்கு வேனில் ஐம்பது நிமிடம். 6.20க்கு வரவேண்டும் என்றால் 5.30க்குக் கிளம்பவேண்டும். அப்படியானால் முடிவு 5.15க்குப் போகவேண்டும். 5.15க்குப் போக, கிரவுண்ட் பக்கத்தில் வீடு உள்ள ஒருவர் 5.00க்கு டார்ச்சோடு உள்ளே இருக்கவேண்டும். மேட் விரிக்கிற இடத்திலும் பவுலர் ஓடி வருகிற இடத்திலும் குதிகாலால் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். குதிகால் பட்ட இடத்தில் தண்ணீர் ஊறி மேலே வந்தால் ஏழு மணிக்கு ஆட முடியாது. தரை நசநசவென்று இருந்தாலும் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஆடலாம்.

5.15 செய்தி மூன்றில் ஒன்றுதான். "ஆட்டம் உண்டு, 7.00." அல்லது "ஆட்டம் இல்லை, கிளம்பவேண்டாம்." அல்லது "தாமதம்: அணிகள் வரவும், அடுத்த முடிவு 7.30க்கு." மூன்றாவதில் கடைசி எல்லையையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் விதியில் எட்டு நிமிடம் போனால் பக்கத்துக்கு ஒரு ஓவர் குறையும், குறைந்தது 20 ஓவர் ஆடவேண்டும். பத்து ஓவருக்கு 80 நிமிடம், ஆகவே 8.20. "8.20க்குள் முதல் பந்து போடவில்லை என்றால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும்" என்று 5.15க்கே எழுதிவிடுவேன். 8.20க்கு மேல் "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்" என்று ஒரு அணியும் "கிளம்புறோம்" என்று ஒரு அணியும் பேச ஆரம்பித்தால் மதிய ஆட்டமும் சேர்ந்து கெட்டுப்போகும்.

அறிகுறி: ஆட்டம் நடக்கவில்லை, பாயிண்ட் யாருக்கு என்று சண்டை

நோட்டீஸில் "மேட்ச் கேன்சல்" என்று மட்டும் இருந்திருக்கும். ஒத்திவைப்பு என்றால் வேறு நாளில் முதல் பந்திலிருந்து ஆடவேண்டும், இப்போது யாருக்கும் பாயிண்ட் இல்லை. ரத்து என்றால் இனி ஆடப்போவதில்லை, பாயிண்டைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். கைவிட்ட ஆட்டம் என்றால் ஆரம்பித்து நடுவில் நின்றது. வாக்ஓவர் என்றால் ஒரு அணி வரவில்லை. நான்குக்கும் நான்கு விதமான பாயிண்ட், பேச்சில் எல்லாமே "கேன்சல்". நோட்டீஸில் சரியான சொல்லை எழுதி, பக்கத்திலேயே பாயிண்ட் என்ன ஆகும் என்றும் எழுதிவிடுங்கள். ஒத்திவைப்பு என்றால் புதுத் தேதி தெரியாவிட்டாலும், அது எந்தத் தேதிக்குள் அறிவிக்கப்படும் என்று சொல்லுங்கள்: "ஆட்டம் 14 ஒத்திவைப்பு. பாயிண்ட் இல்லை. புதிய தேதி புதன், 30 ஜூலை இரவு 8.00க்கு அறிவிக்கப்படும்." புதன் எட்டு மணிக்குத் தேதி முடிவாகவில்லை என்றாலும் ஒரு செய்தி போகவேண்டும், அடுத்து எப்போது சொல்வோம் என்ற நேரத்தோடு.